ஒரே ஞாயிறு, மூன்று முகூர்த்தம்

திருச்சியில் பதினைந்து வருடங்களாக பியூட்டி பார்லர் நடத்தும் ஒருவரின் அனுபவம் இது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கல்யாணப் பெண் அலங்காரத்துக்குப் பேர் போனவர். ஆவணி, தை, வைகாசி மாதங்களில் அவரைப் பிடிப்பது கடினம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது என்பதால் அந்த வேலையெல்லாம் மிச்ச மாதங்களில் வந்து குவிகிறது. அந்த மாதங்களிலும் வளர்பிறை, நட்சத்திரம் எல்லாம் பார்த்துக் கழித்தால் கையில் நிற்பது சில நாட்கள்தான். ஊரில் இருக்கும் எல்லா மண்டபத்துக்கும், எல்லா ஐயருக்கும், எல்லா மேக்கப்காரருக்கும் அதே நாட்கள்தான்.

எல்லோரும் ஒரே நாளைக் கேட்கும் தொழிலில் சிலருக்கு இல்லை என்று சொல்லத்தான் வேண்டியிருக்கும். வருடக்கணக்காக வந்துகொண்டிருக்கும் வாடிக்கையாளரிடம் அதை எப்படிச் சொல்வது? அதைக் கற்றுக்கொள்ள இவருக்கு ஒரு கசப்பான தை மாதம் தேவைப்பட்டது.

அந்தத் தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று பெண்களை ஒப்புக்கொண்டிருந்தார். மூன்றாவது குடும்பம் ரொம்ப வேண்டியவர்கள், மறுக்க வாய் வரவில்லை. உதவிக்கு இருக்கும் பெண்ணை முன்னாடியே அனுப்பி பேஸ் போட்டு வைக்கச் சொல்வது, தான் கடைசி முக்கால் மணி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து கண், ஜடை, புடவை எல்லாவற்றையும் முடிப்பது என்பது திட்டம். இரண்டாவது மண்டபத்தில் நகைப்பெட்டிச் சாவி காணாமல் போய் இருபது நிமிடம் தள்ளிப்போனது. மூன்றாவது மண்டபத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது, "பொண்ணை அழைச்சிண்டு வாங்கோ" என்று மணவறையிலிருந்து குரல் வந்துவிட்டது. முகத்துக்குப் போட்ட நிறம் கழுத்தில் இல்லை. கட்ட நேரமில்லாமல் அவசரமாகக் குத்திய ஜடை, கூறைப்புடவை மாற்றும்போது பாதியில் சரிந்தது. அதையெல்லாம் கேமரா தெளிவாகப் பிடித்துவைத்திருந்தது.

அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிச்சப் பணத்தை எண்ணிக் கொடுத்தார், நன்றி சொன்னார். அதற்குப் பிறகு பார்லர் படி ஏறவில்லை. அவர் தங்கையும் வரவில்லை, தங்கையோடு வரும் ஓரகத்தியும் வரவில்லை. மாதாமாதம் புருவம் திருத்த, ஃபேஷியல் செய்ய வந்த மூன்று பேர் சத்தமில்லாமல் போய்விட்டார்கள். "திட்டியிருந்தா மன்னிப்பு கேட்டிருப்பேன். கேக்கக்கூட வழியில்லாம போச்சு" என்கிறார்.

இந்தத் தொழிலில் வாடிக்கையாளரை இழப்பது பெரும்பாலும் இப்படித்தான். மறுத்ததால் கோபித்துப் போனவர்களை விட, ஒப்புக்கொண்டு சொதப்பியதால் போனவர்கள்தான் அதிகம் என்று பழைய நோட்டுகளைப் புரட்டியபோது அவருக்கே தெரிந்தது.

தவறு எங்கே நடக்கிறது என்று அவர் காட்டிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. டைரியில் முன்பெல்லாம் தேதிக்கு நேராகப் பெண்ணின் பெயர், மண்டபம், முகூர்த்த நேரம் மட்டும் எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் மாலை நாலரை முதல் ஆறு, எமகண்டம் பகல் பன்னிரண்டு முதல் ஒன்றரை. காலை முழுக்கத் தடையில்லை. அதனால் 6 - 7.30, 7.30 - 9, 9 - 10.30 என்று மூன்று முகூர்த்தங்களும் ஒரே நாளில் அமைந்துவிடும். டைரியில் பார்த்தால் ஒன்று முடிந்து அடுத்தது, அது முடிந்து அதற்கடுத்தது என்று மூன்றும் அழகாக வரிசையில் நிற்கும். ஒன்றோடொன்று இடிக்கவே இடிக்காது.

இடிப்பது அலங்கார நேரம். பெண்ணை உட்கார வைத்ததிலிருந்து தலையில் பூ வைத்து நிமிர்த்தும் வரை இரண்டரை மணி நேரம் ஆகும். முகம் துடைத்து, ஈரப்பசை கொடுத்து, பேஸ் போட்டு, கண் முடிக்கவே பாதி நேரம் போய்விடும். பிறகு ஜடை, ராக்கொடி, நெத்திச்சுட்டி, புடவை, ஒட்டியாணம், வங்கி. முகூர்த்தம் தொடங்கும் நேரத்துக்கு முக்கால் மணி முன்பாவது பெண் தயாராக இருக்க வேண்டும், போட்டோகிராஃபருக்கும் சடங்குக்கும் அது தேவை. ஆக, ஏழரை முகூர்த்தத்துக்குப் பெண் நாலே காலுக்கு நாற்காலியில் உட்கார்ந்தாக வேண்டும். அதோடும் முடியவில்லை. மணவறையில் கூறைப்புடவை கொடுத்ததும் பெண் உள்ளே வந்து அதைக் கட்டிக்கொண்டு போக இருபது நிமிடம்தான் கிடைக்கும். அந்த இருபது நிமிடத்தில் மடிப்பு பிடிக்கவும், கலைந்த ஜடையைச் சரிசெய்யவும் கை தேர்ந்த ஒரு ஆள் அங்கேயே காத்திருக்க வேண்டும்.

இப்போது அவர் டைரியில் முகூர்த்த நேரத்துக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு நேரங்கள் இருக்கின்றன: உட்காரும் நேரம், கிளம்பும் நேரம். புது அழைப்பு வந்தால் அந்தச் சிவப்பு நேரங்களைத்தான் முதலில் பார்க்கிறார்.

சென்ற வருடம் ஆனி மாதத்தில் ஒரு மதியம் வந்த அழைப்பு அதற்கு நல்ல உதாரணம். பேசியவர் ஏழெட்டு வருடமாக வருகிற ஒரு வங்கி ஊழியர். ஆவணியில் ஒரு ஞாயிறு, பெண்ணுக்குக் கல்யாணம். மண்டபம் கருமண்டபத்தில். முகூர்த்தம் ஏழரை - ஒன்பது.

அந்த ஞாயிறுக்கு ஏற்கெனவே இரண்டு பெண்கள். ஸ்ரீரங்கத்தில் ஆறு - ஏழரை: பெண்ணை உட்கார வைப்பது 2.45, முடிப்பது 5.15. திருவெறும்பூரில் ஒன்பது - பத்தரை: உட்கார வைப்பது 5.45. இடையில் அரை மணி நேரம் பயணத்துக்கே சரியாக இருக்கும். ஸ்ரீரங்கத்தில் கூறைப்புடவை மாற்றுவதற்கு உதவிப் பெண்ணை விட்டுவிட்டுத்தான் இவர் கிளம்ப வேண்டும். புதிதாகக் கேட்ட கருமண்டபத்துப் பெண் உட்கார வேண்டிய நேரம் 4.15. அப்போது இவர் கை ஸ்ரீரங்கத்துப் பெண்ணின் கண்ணிமையில் இருக்கும்.

'கருமண்டபத்துப் பெண்ணை நடுராத்திரியிலேயே முடித்துவிட்டால் என்ன?' என்று கேட்கத் தோன்றும். ஒரு மணிக்குச் செய்து முடித்த மேக்கப், ஏழரைக்கு ஹோமப் புகைக்கு முன்னால் உட்காரும்போது எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். எண்ணெய் கசிந்து மூக்கோரம் திட்டுத்திட்டாகும், மை இறங்கும், மல்லிகை வாடும். பெண்ணும் அதுவரை சாயக்கூட முடியாமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அன்று அவர் பேசியதை நினைவிலிருந்து எனக்குச் சொன்னார்.

"ஏம்மா, உன்னைத் தவிர யாரையும் நெனச்சே பாக்கல. நீதான் வரணும்."

"அக்கா, முதல்ல வாழ்த்துகள். பாப்பாவை யூனிஃபார்ம்ல பாத்தது கண்ணுலயே நிக்குது. ஆனா அந்த ஞாயித்துக்கிழம முகூர்த்தத்துக்கு என்னால வர முடியாதுக்கா. காலைல நாலே காலுக்கு நான் உங்க மண்டபத்துல இருக்கணும். அந்த நேரம் ஸ்ரீரங்கத்துல ஒரு பொண்ணுக்கு அட்வான்ஸ் வாங்கி ஒத்துக்கிட்டேன்."

"ஒரு மணி நேரம் வந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போயேன்மா."

"ஒரு மணி நேரத்துல நான் செஞ்சா அது உங்க பொண்ணுக்குச் செய்ற மாதிரி இருக்காதுக்கா. நாளைக்கு ஆல்பத்தப் பாத்துட்டு நீங்க வருத்தப்படுவீங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அந்த நேரத்தில் மனம் இளகி "சரி, பாக்கறேன்" என்று வாய் தவறிவிடுவதுதான் வழக்கம் என்கிறார். அவர் அன்று வேறு ஒன்று கேட்டார்: "ரிசப்ஷன் எப்ப அக்கா?"

சனிக்கிழமை மாலை ஆறரைக்கு. ஸ்ரீரங்கத்துப் பெண் வீட்டில் முந்தின நாள் வரவேற்பு கிடையாது. திருவெறும்பூர்ப் பெண்ணின் வரவேற்பு ஞாயிறு மாலை. சனிக்கிழமை மாலை காலி.

இந்தக் கேள்விதான் அவர் கற்றுக்கொண்டதில் பாதி என்பேன். மறுப்பு ஒரு நேரத்துக்கு மட்டும்தான், மொத்தக் கல்யாணத்துக்கும் இல்லை. கல்யாணத்தில் பார்லருக்கு வேலை முகூர்த்தம் மட்டும் இல்லையே. ஒரு மாதம் முன்னால் தொடங்கும் ஃபேஷியல், நலங்கு, மருதாணி, வரவேற்பு, புடவைக்கு முன்கூட்டியே மடிப்பு வைத்து அயர்ன் செய்து கொடுப்பது என்று எத்தனையோ இருக்கின்றன. எது முடியாது என்று தெளிவாகச் சொன்ன பிறகு, எது முடியும் என்பதும் அதே தெளிவோடு வர வேண்டும். வரிசை மாறக்கூடாது. முடிந்ததை முதலில் அடுக்கிவிட்டுக் கடைசியில் இழுத்துச் சொன்னால், கேட்பவர் அதுவரை நீங்கள் வருகிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

"ரிசப்ஷனுக்கு நானே வரேன்க்கா. மூணரைக்கு ஆரம்பிச்சு ஆறரைக்கு பாப்பாவ மேடையில ஏத்திடறேன். ஏழு மணிக்குக் கிளம்பிடுவேன், மறுநாள் ஒன்றரைக்கு எழுந்திருக்கணும். முகூர்த்தத்துக்கு எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க இருக்காங்க, உறையூர். என் கூடவே தொழில் கத்துக்கிட்டவங்க. அவங்க அன்னிக்கு ஃப்ரீயான்னு ராத்திரிக்குள்ள கேட்டுச் சொல்றேன். நம்ம பார்லர்லயே ட்ரையல் போடச் சொல்றேன், நானும் கூட நிக்கிறேன். பாப்பாவுக்குப் பிடிச்சா வெச்சுக்குங்க, பிடிக்கலன்னா வேற ஆள் தேட உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஆனியில் சொன்னால் ஆவணிக்கு வேறு ஆள் கிடைக்கும். "பாக்கறேன், சொல்றேன்" என்று மூன்று வாரம் இழுத்துவிட்டு ஆடிக் கடைசியில் கைவிரித்தால், ஊரில் நல்ல கைகள் எல்லாம் முடிந்துபோயிருக்கும். தாமதமாக வரும் மறுப்பைக் குடும்பங்கள் மன்னிப்பதில்லை. அவர் முன்பு இழுத்ததெல்லாம் மரியாதைக்காகத்தான், ஆனால் எதிராளிக்கு அது கழுத்தறுப்பாகத்தான் போய்ச்சேர்ந்தது.

வேறு இரண்டு குறுக்குவழிகளையும் அவர் விட்டுவிட்டார். ஒன்று, வாயால் மறுக்காமல் விலையை இரட்டிப்பாகச் சொல்வது. இந்தத் தொழிலில் பலர் செய்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் சில சமயம் "சரி" என்று சொல்லிவிடுவார்கள், அப்போது இரட்டிப்புப் பணம் வாங்கிக்கொண்டு அரைகுறை வேலை செய்யும் நிலை வரும். ஒப்புக்கொள்ளாதவர்கள் 'நம்மிடமே இப்படிக் கேட்கிறாளே' என்று போய்விடுவார்கள். மற்றொன்று, "அன்னிக்கு ஊர்ல இல்ல" என்பது. போட்டோகிராஃபர் அன்று மாலையே இன்ஸ்டாகிராமில் ஸ்ரீரங்கத்துப் பெண்ணின் படத்தைப் போட்டு மேக்கப் யார் என்று இவர் பெயரையும் சேர்த்துவிடுவார். ஏழெட்டு வருட உறவு அந்த ஒரு படத்தில் முடிந்துவிடும்.

தன் உதவிப் பெண்ணை அனுப்புகிறேன் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அந்தப் பெண் தனியாக ஒரு மணப்பெண்ணை முடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டார், ஆனால் அன்று ஸ்ரீரங்கத்தில் கூறைப்புடவைக்கு அவர் வேண்டும். அங்கிருந்து அவரைப் பிடுங்கினால் பழுது ஸ்ரீரங்கத்தில் விழும். வேறு நாளாக இருந்தால் சொல்லியிருப்பார், ஆனால் வருவது யார் என்பதை மறைக்காமல், தனி ட்ரையலோடு, குறைந்த தொகைக்கு. தன் பெயரைச் சொல்லி ஒப்புக்கொண்டு அன்று காலை வேறு ஆளை அனுப்புவதை ஏமாற்று என்றே அவர் சொல்கிறார், எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

அன்று இரவு எட்டு மணிக்குள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போனது. பேசியது அத்தனையும் எழுத்தில்: சனிக்கிழமை வரவேற்பு நான், வரும் நேரம், கிளம்பும் நேரம், தொகை, ஞாயிறு முகூர்த்தம் உறையூர் அக்கா, அவருடைய எண், அவர் வாங்கும் தொகை அவரிடமே, ட்ரையல் எந்த நாள். கல்யாண வீட்டில் பத்துப் பேர் பேசுவார்கள். பெண்ணின் அத்தைக்கு "பார்லர்க்காரி வர்றாளாம்" என்று மட்டும் போய்ச்சேர்ந்தால் அன்று காலை சண்டை வரும். எழுத்து இருந்தால் காட்டலாம்.

ட்ரையலுக்கு முன்னால் இவர் உறையூர்க்காரருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை நான் பார்த்தேன். பெண்ணின் ஃபவுண்டேஷன் நிறம் எது, நெற்றியும் மூக்கும் எண்ணெய்ப் பசை, கன்னம் வறட்சி. வலது புருவ முனையில் சின்னத் தழும்பு, அங்கே முடி இல்லை. கடைசி வரியில் அடிக்கோடு: 'லேடெக்ஸ் இல்லாத இமைப் பசை மட்டும்.' தோழியின் கல்யாணத்துக்கு ஒட்டு இமை வைத்துக்கொண்டபோது இந்தப் பெண்ணுக்குக் கண் சிவந்து, இமை வீங்கியிருந்தது. லேடெக்ஸ் கலந்த பசை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முகூர்த்தத்தன்று காலை அது தெரியவந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. வருடக்கணக்காக அந்த முகத்தைத் தொட்டவருக்கு மட்டும் தெரிந்த விஷயங்கள் இவை. தான் வர முடியாவிட்டாலும் இந்தத் தெரிதல் போய்ச்சேர வேண்டும் என்று நினைத்தார். அந்தச் சீட்டைப் பெண்ணின் தாய்க்கும் காட்டினார். அதுவரை கொஞ்சம் முகம் சுருங்கியிருந்தவர் அதைப் படித்த பிறகுதான் இயல்பாகப் பேசத் தொடங்கினாராம்.

உறையூர்க்காரரிடம் கமிஷன் வாங்கவில்லை. வாங்கினால் அது குடும்பத்துக்குத் தெரிய வேண்டும், தெரிந்தால் அறிமுகத்தின் மேல் சந்தேகம் வரும். பதிலாக இருவருக்கும் ஒரு புரிதல்: தன் நாள் நிறைந்திருந்தால் அவர் இவருக்கு அனுப்புவார், அனுப்பப்பட்ட வாடிக்கையாளரின் அன்றாட வேலைகளுக்கு, அதாவது த்ரெடிங், ஃபேஷியல், முடிவெட்டு ஆகியவற்றுக்கு, அழைப்பு விடமாட்டார்கள். இப்படிச் சொல்லி வைத்துக்கொள்ளாமல் பரிந்துரை செய்து வாடிக்கையாளரை நிரந்தரமாக இழந்தவர்கள் உண்டு.

எல்லா மறுப்பும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. பத்து நாள் முன்னால் கேட்டு வருபவர்களுக்குக் கைகாட்ட ஆள் இருக்காது. அவர்களுக்கு இவரால் புடவை மடிப்பு வைத்துக் கொடுக்க முடியும், ஃபேஷியல் செய்ய முடியும், அதையும் கல்யாணத்துக்கு மூன்று நான்கு நாள் முன்பே முடித்துவிடுவார், தோல் சிவந்தால் அடங்க அவகாசம் வேண்டும். அதற்கு மேல் இல்லை. ஒரு குடும்பம், "இத்தனை வருஷம் வந்ததுக்கு இதுதானா?" என்று கேட்டுவிட்டு வராமலே போய்விட்டது. அவர்களைத் துரத்திப் போய்ச் சமாதானம் சொல்லவில்லை. பொங்கலுக்கு வாழ்த்து மட்டும் அனுப்பினார், பதில் வரவில்லை.

ஒரு பழக்கத்தையும் மாற்றினார். "அந்த நாளை எனக்காக வெச்சுக்கோ" என்று வாய்ச்சொல்லாகக் கேட்பவர்களுக்கு முன்பு காலவரையின்றி நாளை ஒதுக்கி வைப்பார். அவர்கள் கடைசியில் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள், இவர் அதற்குள் இரண்டு பேரை மறுத்திருப்பார். இப்போது இரண்டு நாள் வரைதான் வைத்திருப்பார். அதற்குள் அட்வான்ஸ் வராவிட்டால் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். அழைப்பு இல்லாமல் கொடுப்பதில்லை.

ஆவணிக் கல்யாணம் நடந்தது. வரவேற்பு அலங்காரம் இவர் கை, முகூர்த்தம் உறையூர்க்காரர் கை. இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா ஃபேஷியலுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, "முகம் உன் கைதான்மா நல்லாருக்கு. ஆனா ஜடை அவங்க போட்டது பிரமாதம்" என்றார். இவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். உண்மைதான். கூறைப்புடவை மாற்றிய பிறகும் ஜடை ஒரு இழை நகராமல் நின்றிருந்தது. அடுத்த வாரமே உறையூருக்குப் போய், அடிப்பின்னலை எப்படிக் கட்டி அதன்மேல் பூ ஜடையைத் தைக்கிறார் என்று பார்த்துவிட்டு வந்தார்.

தையில் அதே அம்மா மறுபடியும் கூப்பிட்டார். இரண்டாவது பெண்ணுக்கு ஜோசியர் மூன்று தேதி கொடுத்திருக்கிறார், இன்னும் மண்டபம் பேசவில்லை, எந்த நாள் உனக்கு ஒழியும் என்று கேட்டார். ஒரு ஞாயிறு, ஒரு வெள்ளி, ஒரு திங்கள். ஞாயிறு நிறைந்திருந்தது, வெள்ளிக்கிழமை புதுக்கோட்டையில் ஒரு பெண். திங்கட்கிழமை ஏழரை - ஒன்பது ராகுகாலம் என்பதால் முகூர்த்தம் ஆறு - ஏழரை அல்லது ஒன்பது - பத்தரை. ஒன்பது - பத்தரை என்றால் ஐந்தே முக்காலுக்கு உட்கார வைத்தால் போதும், பெண் நன்றாகத் தூங்கி எழலாம் என்று சொன்னார். அந்த அம்மா வீட்டில் கலந்து பேசிவிட்டு மறுநாளே அட்வான்ஸ் அனுப்பினார். டைரியில் அந்தத் திங்கட்கிழமைக்குக் கீழே சிவப்பு மையில் 5.45 என்று எழுதியிருக்கிறது.